பட்சி சொல்கிறதா, பதற்றம் சொல்கிறதா?

"என்னமோ மனசுக்குப் படலைக்கா. பாருங்க, ஹை பிரீஸ்டஸும் வந்திருச்சு. வேண்டாம்னுதானே சொல்றா?"

டாரட் சீட்டு பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பேச்சை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வேலையை விடலாமா, இந்தக் கல்யாணத்துக்குச் சரி சொல்லலாமா, இருக்கிற பணத்தையெல்லாம் ஒரே இடத்தில் போடலாமா என்று கலங்கி நிற்கும் நேரத்தில் ஹை பிரீஸ்டஸ் என்ற இரண்டாம் எண் சீட்டு வந்து விழுந்தால் போதும், அதுவரை இருந்த பயத்துக்கு முத்திரை குத்திவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹை பிரீஸ்டஸ் என்றால் உள்ளுணர்வு. எனக்கு உள்ளே என்னவோ செய்கிறது. அப்படியானால் உள்ளே செய்வதுதான் உள்ளுணர்வு. கணக்கு சரியாக வருகிற மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே என்னவோ செய்வதற்கு வெறும் பதற்றமும் காரணமாக இருக்கலாம் என்ற வரியை இதில் யாரும் எழுதுவதில்லை.

நம் பேச்சு வழக்கு இந்த இரண்டையும் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று உறுத்தல், இன்னொன்று படபடப்பு. உறுத்தல் செருப்புக்குள் புகுந்த சிறு கல் மாதிரி. ஒரே இடத்தில் இருக்கும். நடக்கும்போது தெரியும், உட்கார்ந்தால் மறந்துபோகும், மறுபடி நடந்தால் அதே இடத்தில் குத்தும். படபடப்புக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. நெஞ்சில் இருக்கும், அப்புறம் வயிற்றில் புளியைக் கரைக்கும், உள்ளங்கை வேர்க்கும், எங்கே என்று கேட்டால் கை வைத்துக் காட்ட முடியாது. பட்சி சொல்லுது என்று நாம் சொல்வது உறுத்தலைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது படபடப்பைப் பற்றிய பழமொழி. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

மடியில் இருக்கும் சுருள்

இன்று பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது 1909-ல் லண்டனில் வெளிவந்த சீட்டுக்கட்டு அல்லது அதன் வழிவந்த ஏதாவது ஒன்று. ஏ. இ. வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த 78 சீட்டுகள். அதற்கு முன்பும் இந்தப் பெண் டாரட்டில் இருந்தாள். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் வெறும் சீட்டாட்டமாக இருந்த காலத்திலேயே பெண் போப்பாகத் தலையில் மும்முடியோடு உட்கார்ந்திருந்தாள். டாரட்டை வைத்துக் குறி பார்ப்பது பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான். போப்பின் முடியைக் கழற்றி இவளை நிலவோடும் திரையோடும் சேர்த்தது பிற்காலத்து வேலை. உள்ளுணர்வு என்ற பொருள் இவளுடன் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

1909-ஆம் வருடச் சீட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு கறுப்புத் தூண், ஒரு வெள்ளைத் தூண். பைபிளில் சாலொமோனின் ஆலய வாசலில் நின்றதாகச் சொல்லப்படும் போவாஸ், யாகீன் என்ற தூண்கள் அவை. நடுவில் அவள். பின்னால் மாதுளம்பழங்கள் போட்ட திரை. திரையின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெரியும். காலடியில் பிறை நிலா. மடியில் ஒரு சுருள், அதில் யூதர்களின் வேதமான தோராவின் பெயர். சுருளின் ஒரு பக்கம் அவளுடைய மேலாடைக்குள் மறைந்திருக்கும்.

எனக்கு இந்தச் சீட்டில் முக்கியமாகப் படுவது அந்தச் சுருள். நிலாவையும் திரையையும் பார்த்துவிட்டு, இவளுக்கு எல்லாம் ஆகாயத்திலிருந்து தெரியவருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அவள் மடியில் இருப்பதோ எழுதப்பட்ட ஒன்று. அவள் அதைப் படித்திருக்கிறாள். பாதியை நமக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். உள்ளுணர்வும் அப்படி ஒரு வாசிப்புதான்: நாம் பார்த்தது, கேட்டது, நம் தொழிலில் ஆயிரம் தடவை கையாண்டது எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது, காரணம் மட்டும் மேலாடைக்குள் இருக்கிறது.

இப்போது கட்டிலிருந்து இன்னும் இரண்டு சீட்டுகளை எடுத்து இவள் பக்கத்தில் வையுங்கள். ஒன்று பதினெட்டாம் எண், நிலா. அங்கே நிலா தலைக்கு மேலே இருக்கிறது. கீழே நாயும் ஓநாயும் அதைப் பார்த்து ஊளையிடுகின்றன, குளத்திலிருந்து நண்டு போன்ற ஒன்று கரையேறுகிறது. ஹை பிரீஸ்டஸின் காலடியில் அடங்கிக் கிடந்த அதே நிலாதான். இன்னொன்று வாள்கள் ஒன்பது. கட்டிலில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். பின்னால் இருட்டு, அதில் ஒன்பது வாள்கள் படுக்கைவாட்டில் வரிசையாக. ஒன்றுகூட அவர் மேல் பாயவில்லை. அடுத்த சீட்டான வாள்கள் பத்தில்தான் வாள்கள் உடம்பில் இறங்கியிருக்கும். ஒன்பதில் இருப்பது நடக்காத ஒன்றை நினைத்துத் தூக்கம் கெட்டவர்.

படபடப்புக்கு இதைவிட நல்ல படம் இல்லை என்று சொல்வேன். ஹை பிரீஸ்டஸிடம் ஒரு சுருள் இருக்கிறது. வாள்கள் ஒன்பதில் இருப்பவரிடம் ஒன்றும் இல்லை. அவர் கண்ணையே மூடிக்கொண்டிருக்கிறார். உறுத்தல் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றைப் பற்றியது. படபடப்பு இன்னும் பார்க்காத ஒன்றைப் பற்றியது.

உடம்புக்கு முன்கூட்டித் தெரியுமா?

இதற்கு ஓர் ஆய்வகச் சாட்சியும் உண்டு, அதுவும் சீட்டை வைத்தே நடந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்த்வான் பெச்சாரா, அந்தோனியோ டமாசியோ உள்ளிட்டோர் நடத்திய சோதனை, 1997-ல் வெளியானது. நான்கு சீட்டுக்கட்டுகள். எதிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். இரண்டு கட்டுகளில் பெரிய லாபம் வரும், ஆனால் இடையிடையே அதைவிடப் பெரிய நஷ்டம். மற்ற இரண்டில் லாபமும் சிறியது, நஷ்டமும் சிறியது. மொத்தத்தில் அவைதான் நல்லவை. ஆடுகிறவர்களுக்கு இது சொல்லப்படவில்லை. கையில் மட்டும் வேர்வையை அளக்கும் கருவி.

ஏறக்குறைய பத்துச் சீட்டு எடுத்த பிறகு, கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போதே வேர்வை கூட ஆரம்பித்தது. ஐம்பது சீட்டு வாக்கில்தான் "அந்தக் கட்டு எனக்குப் பிடிக்கலை" என்று சொல்ல முடிந்தது. எண்பது வாக்கில்தான் பலரால் ஏன் என்று விளக்க முடிந்தது. 2004-ல் மாயா, மெக்லெலண்ட் என்ற இருவர், ஆடுகிறவர்களிடம் இன்னும் நுணுக்கமாகக் கேட்டுப் பார்த்தார்கள். நினைத்ததைவிட முன்பாகவே அவர்கள் மனதுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே உடம்பு மனதை வெகுதூரம் முந்துகிறது என்று நான் கொடி பிடிக்க மாட்டேன். எனக்கு வேண்டியது வேறு. அந்த முதல் பத்துச் சீட்டுகள். சூடு படுவதற்கு முன்பு யாருடைய கையும் எச்சரிக்கவில்லை. நஷ்டம் பார்த்த பிறகுதான் கை பேச ஆரம்பித்தது. சுருளில் எழுத்து ஏறிய பிறகுதான் அவளால் படிக்க முடிந்தது.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் எதிரெதிர் முகாமில் இருந்த உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் கேரி க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையிலும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைப் பார்த்துப் பழகி, தப்பும் சரியும் உடனுக்குடன் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பட்சி சொல்வதைக் கேட்கலாம். இல்லாவிட்டால், எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், அந்த உறுதிக்கு மதிப்புக் கிடையாது. பெரிய முடிவுகளில் சிக்கலே இதுதான். கல்யாணம், நாடு மாறுவது, முதல் தொழில் எல்லாம் நாம் ஒன்றிரண்டு தடவைதான் செய்கிறோம். முடிவு முழுவதைப் பற்றியும் நமக்குள் சுருள் எதுவும் இருக்காது. அந்த முடிவுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சின்னத் துண்டைப் பற்றித்தான் இருக்கும். அந்தத் துண்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

பத்து நாள் நோட்டு

முதலில் சொன்ன பெண்ணுக்கு வருகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியும், வேறு இரண்டு பேரின் கதையைச் சேர்த்தும்தான் எழுதுகிறேன். வயது நாற்பதை ஒட்டி. பதினொரு வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. கூடப் படித்த நண்பர் ஒருவர் நடத்திவரும் சிறு தொழிலில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வேலையை விட வேண்டும், சேமிப்பில் பெரும்பகுதியைப் போட வேண்டும். மூன்று வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

"சீட்டு எத்தனை தடவை போட்டீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினார். "எங்கிட்டயும் ஒரு கட்டு இருக்குக்கா. நேத்து ராத்திரி மட்டும் ஒரு ஆறு தடவை இருக்கும். ஹை பிரீஸ்டஸ் வர்ற வரைக்கும்னு வெச்சுக்கங்களேன்."

இது முதல் தடயம். ஒரே கேள்விக்கு மறுபடி மறுபடி சீட்டு எடுப்பது படபடப்பின் கைவேலை. பதில் கிடைத்ததும் சில நிமிடம் நிம்மதி. அப்புறம் "ஒருவேளை சரியாகக் குலுக்கவில்லையோ" என்று மறுபடி. வீட்டைப் பூட்டியாயிற்றா என்று திரும்பித் திரும்பிப் போய்ப் பார்ப்பது போலத்தான். உறுத்தல் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாம் சீட்டுக் கேட்பதில்லை. அவருக்குப் பதில் தெரியும். அது பிடிக்கவில்லை என்பதுதான் அவர் பிரச்சினையாக இருக்கும். அதனால் கட்டை எடுத்து அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். இனி இந்தக் கேள்விக்குச் சீட்டு இல்லை. மறுபடி எடுக்கலாமா என்று கை துறுதுறுக்கும் நேரத்தை மட்டும் குறித்து வைக்க வேண்டும்.

அதோடு ஒரு நோட்டு. பத்து நாள், ஒரு நாளைக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, காலையில் அவசரமில்லாத நேரத்தில். இன்னொன்று, பயம் தலைக்கேறும்போது, அது எந்த நேரமானாலும். இரண்டிலும் ஒரே வேலைதான்: "இந்த முடிவில் என்னை என்ன செய்கிறது?" என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம், நேரத்தோடு. நல்ல வாக்கியமாக யோசித்து எழுதக் கூடாது. தோன்றுகிறபடி எழுத வேண்டும்.

பத்து நாள் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். படபடப்புக் குறிப்புகள் பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல், அல்லது அலுவலகத்தில் மேலாளரிடம் பேசி முடித்ததும். "எல்லாப் பணமும் போயிட்டா?" "இந்த வயசுல திரும்ப யார் வேலை தருவா?" "வீட்ல என்ன சொல்வாங்க?" "எனக்கு ஆளுங்களை வேலை வாங்கத் தெரியுமா?" ஐந்தாம் நாள் திடீரென்று ஒன்று: "இதுக்கு ஒத்துக்காம விட்டு, காலம் பூரா இதே மேஜைல உக்காந்துட்டா?" பாருங்கள், பயம் இப்போது எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. சரி என்றாலும் பயம், வேண்டாம் என்றாலும் பயம். கேள்விக்குறி இல்லாத வாக்கியமே இந்தக் குறிப்புகளில் இல்லை. பதற்றம் பெரும்பாலும் வார்த்தைகளாகத்தான் ஓடும், "ஆனால்?", "ஆயிட்டா?" என்று ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு வரும். ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்தது. முன்னால் இருந்தது என்ன ஆயிற்று என்று அதற்கே ஞாபகம் இருக்காது.

காலைக் குறிப்புகள் வேறு மாதிரி இருந்தன. மூன்று நாள் ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு நாள் தொழில் பிடித்திருக்கிறது என்று இருந்தது. மற்ற நாட்களில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், ஆறு தடவை: "கணக்கைப் பத்திக் கேட்டா அவன் பேச்சு மாறுது."

கேள்விக்குறி இல்லை. எதிர்காலம் இல்லை. போய்விடும், ஆகிவிடும் என்று எதுவும் இல்லை. ஏற்கெனவே நடந்த ஒன்றைச் சொல்லும் வாக்கியம். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "எதைப் பாத்து இப்படிச் சொல்றீங்க?"

யோசிக்காமல் சொன்னார். "போன மாசம் மூணு தடவை பேசினோம். விற்பனை எவ்வளவுன்னு கேட்டா மாசம் வாரியா, காசு பைசா சுத்தமா சொல்றான். தர வேண்டிய பாக்கி எவ்வளவுன்னு கேட்டா மட்டும் 'அதெல்லாம் வழக்கமா இருக்கறதுதான்'ங்கிறான். மூணு தடவையும் அதே வார்த்தை. வரவுக்கு எண் சொல்ற ஆள் செலவுக்குச் சொல்லலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். பதினொரு வருடம் கணக்கு நோட்டுகளைப் பார்த்தவர். எந்த இடத்தில் எண் காணாமல் போகும், போனால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். தொழில் நடத்துவதைப் பற்றி அவரிடம் சுருள் இல்லை. ஆனால் கணக்கு கேட்டால் ஆட்கள் எப்படிப் பதில் சொல்வார்கள் என்பதைப் பற்றி நீளமாகவே இருந்தது.

"வீட்ல என்ன சொல்வாங்க?" என்ற குறிப்பையும் அதே கேள்வியால் தட்டிப் பார்த்தோம். எதைப் பார்த்து? பதில் வரவில்லை. ஒரு காட்சிதான் வந்தது: எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோ குத்திக் காட்டுகிறார்கள். நடந்ததா? இல்லை. அது வாள்கள் ஒன்பதில் இருட்டில் இருக்கும் வாள்.

இன்னொரு சோதனையும் செய்யச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க, சரி என்று சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்த நாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக. யாரிடமும் சொல்ல வேண்டாம். முதல் நாளும் படபடத்தது, இரண்டாம் நாளும் படபடத்தது, விஷயம்தான் வேறு. கணக்கு உறுத்தல் முதல் நாள் மட்டும் இருந்தது. வேண்டாம் என்ற நாளில் அது சுத்தமாக இல்லை. இரண்டு பக்கமும் கூடவே வருகிற உணர்வு முடிவைப் பற்றியது அல்ல, முடிவெடுக்க வேண்டியிருப்பதைப் பற்றியது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். உறுத்தல் இருந்ததால் படபடப்பு பொய் என்று ஆகிவிடாது. பணம் போய்விடுமோ என்பது நியாயமான கவலைதான். அதற்கு எவ்வளவு போடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அதை உள்ளுணர்வு என்று பெயரிட்டால்தான் தப்பு. பெயர் மாறிவிட்டால் யாரும் கணக்குப் போடுவதில்லை. பட்சியை எதிர்த்து யார் கணக்குப் போடுவார்கள்?

அமைதியாக வரும் தப்புகள்

ஹை பிரீஸ்டஸ் அமைதியானவள் என்பதால், அமைதியாக வருவதெல்லாம் அவளுடையது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. நான் இதில் இரண்டு தடவை சறுக்கியிருக்கிறேன்.

மோசமானது பழைய சுருள். ஒருவர் முன்பு ஒரு கூட்டாளியிடம் ஏமாந்திருந்தால், புதிய கூட்டாளியைப் பற்றியும் உள்ளே ஒரு வாக்கியம் வரும்: "இவன் ஏமாத்துவான்." கேள்விக்குறி இருக்காது, பரபரப்பு இருக்காது, பத்து நாளும் மாறாது. என் நோட்டுச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அது வாசிப்புதான், ஆனால் வேறு ஆளைப் பற்றிய வாசிப்பு. பிரிக்க ஒரு வழி உண்டு. எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கும்போது வரும் விவரம் யாருடையது என்று பாருங்கள். இப்போதைய ஆளின் பேச்சு, செயல், தேதி வந்தால் இன்றைய சுருள். "இப்படித்தான் அவனும் சிரிச்சுப் பேசினான்" என்று வந்தால், அதை மூடி வைத்துவிட்டு இந்த ஆளைப் புதிதாகப் பார்க்க வேண்டும். கணக்குக்காரப் பெண்ணின் பதிலில் மூன்று உரையாடல்கள் இருந்தன, மூன்றும் போன மாதத்தவை. அதனால்தான் நான் அதை நம்பினேன்.

ஆசையும் அமைதியாக வரும். வேண்டாம் என்ற உறுத்தலைச் சந்தேகப்படுகிற அளவுக்கு, சரி என்ற அமைதியை யாரும் சந்தேகப்படுவதில்லை. "உள்ளே ஒரு தெளிவு வந்துவிட்டது" என்பவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பல நேரம் ஒரு கனவுதான் வெளியே வரும். வாள்கள் ஒன்பதைக் கொஞ்சம் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது மாதிரி. கண் மூடியிருப்பது மட்டும் மாறவில்லை.

சீட்டு தலைகீழாக விழுந்தால் உள்ளுணர்வை நீங்கள் கேட்கவில்லை என்று பொருள் என்பார்கள். பதற்றத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே தனக்குள் ஏதோ கத்துவதைக் கேட்டுக்கேட்டு அலுத்தவரிடம், இன்னும் கேளுங்கள் என்றால் அவர் பதற்றத்தைத்தான் இன்னும் உற்றுக் கேட்பார்.

இந்த முறை எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருக்கும் ஆளால் உடம்புக்கு ஆபத்து என்று தோன்றினால் நோட்டும் வேண்டாம், பத்து நாளும் வேண்டாம். முதலில் அங்கிருந்து கிளம்ப வேண்டும். தப்பாக இருந்தாலும் நஷ்டம் சின்னது. இன்னொரு பக்கம், முடிவு என்று எதுவும் இல்லாத நாட்களிலும் படபடப்பு இருக்கிறது, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான், தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் அது சீட்டுக்காரர்களிடம் வர வேண்டிய விஷயமே இல்லை. மனநல மருத்துவர்கள் பொதுப் பதற்றக் கோளாறு என்று பார்ப்பதற்கு வைத்திருக்கும் கால அளவும் அந்த ஆறு மாதம்தான். அப்படிப்பட்டவரின் நோட்டில் எல்லாப் பக்கமும் கேள்விக்குறியாக இருக்கும். உறுத்தல் இருந்தாலும் அந்தச் சத்தத்தில் காதில் விழாது. தூக்கம் கெட்ட வாரத்திலும், காபியை நாலைந்து தடவை குடித்த நாளிலும் எழுதிய குறிப்புகளை நான் கணக்கில் எடுப்பதில்லை; அன்றைக்கு இதயம் வேகமாக அடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வாக்கியத்தை என்ன செய்வது

உறுத்தலைக் கண்டுபிடித்ததும் அதையே முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். "கணக்கைக் கேட்டால் பேச்சு மாறுகிறது, அதனால் வேண்டாம்." அந்தப் பெண்ணும் அதற்குத்தான் தயாராக இருந்தார். நான் சம்மதிக்கவில்லை. சுருளின் பாதி மேலாடைக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பேச்சு மாறுவதற்கு ஏமாற்றும் காரணமாக இருக்கலாம், வெட்கமும் காரணமாக இருக்கலாம், அவருக்கே பாக்கி எவ்வளவு என்று தெரியாமலும் இருக்கலாம். உறுத்தல் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். அங்கே என்ன இருக்கிறது என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும். அதனால் வாக்கியத்தைக் கோரிக்கையாக மாற்றினோம். அதுவரை அவர் நண்பரிடம் கேட்டதெல்லாம் வாய்ப்பேச்சு. இப்போது எழுத்தில் கேட்டார்: கடந்த இரண்டு வருடத்தில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எப்போதிலிருந்து, வங்கிக் கடன் உட்பட, ஒரு பட்டியல். வந்த பிறகு இரண்டு வாரம் கழித்துப் பதில் சொல்கிறேன் என்றார். மூன்று வாரக் கெடுவும் இதில் கழன்றுகொண்டது. கெடு நண்பர் வைத்ததுதான்.

பட்டியல் எட்டு நாள் கழித்து வந்தது. இரண்டு பேருக்கு நீண்ட நாள் பாக்கி. ஒரு தனிக் கடன், வீட்டு விசேஷத்துக்காக வாங்கித் தொழில் கணக்கில் எழுதியது. அந்த மனிதர் திருடரும் இல்லை, கணக்குத் தெரிந்தவரும் இல்லை. கூடப் படித்தவளிடம் இதைச் சொல்லக் கூச்சம்.

அந்தப் பெண் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை. வேலையையும் விடவில்லை. சனி, ஞாயிறுகளில் சம்பளத்துக்கு அந்தத் தொழிலின் கணக்கைச் சரிசெய்து தருவதாகவும், ஒரு வருடம் கழித்துப் பங்கைப் பற்றி மறுபடி பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார். நண்பருக்கு முகம் வாடியதாம், அப்புறம் ஒத்துக்கொண்டாராம்.

போன வாரம் பேசினார். "முடிவு பண்ணின அன்னிக்கு நிம்மதியா தூங்கிருப்பேன்னுதானே நினைக்கிறீங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டேன்க்கா. இருக்கிற வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு."

"அந்தக் கணக்கு விஷயம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வரலை" என்றார்.

கட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதாம்.